பத்தடி பேனரில் சூரிய குடும்பம்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் போன வருடம் ஒரு சாயங்காலம் வானியல் பற்றிப் பேச ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார். கரும்பலகை, சாக்பீஸ், கையில் ஒரு தேங்காய், அவ்வளவுதான். பிள்ளைகளோடு அவர்களின் அப்பா அம்மாக்களும் உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்த பிறகு தலைமை ஆசிரியை என்னிடம் வந்து, "இதையெல்லாம் ஒரு பேனரா பண்ணிக் குடுத்தீங்கன்னா வராண்டாவுல மாட்டிருவோம்ங்க" என்றார். நான் கோபியில் டிசைன் வேலை செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு என்று பிளெக்ஸ் பேனர் போட்டுப் பழகிய கை. பேச்சை போனில் பதிவு செய்தும் வைத்திருந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பேனர் முடிய மூன்று வாரம் ஆயிற்று. பேச்சில் சரியாக இருந்த பல விஷயங்கள் படமாக மாறும்போது தப்பாகிவிடுகின்றன. அது எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் பதிவைக் கேட்டு, எண் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நோட்டில் எழுதினேன். பேச்சில் எண்கள் பல உருவத்தில் வரும். "பூமியைப் போல 11 மடங்கு அகலம்" என்பார், அடுத்த நிமிடமே "1300 பூமி உள்ளே போகும்" என்பார். ஒரு இடத்தில் கிலோமீட்டர், இன்னொரு இடத்தில் ஒளி வந்து சேரும் நேரம். வியாழனின் தூரத்தை "778 மில்லியன்" என்றார். நம் பிள்ளைகளுக்கு அது 77 கோடியே 80 லட்சம். மில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு பூஜ்யம் நழுவினால் வியாழன் செவ்வாய்க்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் எல்லாவற்றையும் எக்செல் தாளில் இரண்டே பத்தியாக மாற்றினேன். ஒன்று விட்டம், கிலோமீட்டரில். இன்னொன்று சூரியனிலிருந்து சராசரி தூரம், மில்லியன் கிலோமீட்டரில். நாசா வெளியிட்டிருக்கும் கோள் அட்டவணையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டேன்.

அப்போதே ஒரு பிழை தெரிந்தது. பேச்சில் சூரியனுக்கு 6,96,000 என்றும் பூமிக்கு 12,742 என்றும் சொல்லியிருந்தார். இரண்டும் சரியான எண்கள்தான். ஆனால் முதலாவது ஆரம், இரண்டாவது விட்டம். அப்படியே வட்டம் போட்டால் சூரியன் பூமியைப் போல 55 மடங்குதான் வரும். அதே பேச்சில் வேறோர் இடத்தில் "109 மடங்கு" என்று அவரே சொல்லியிருந்ததால் பிடிபட்டது. பேச்சைக் கேட்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, காதைக் கடந்து போய்விடும். படத்தில் அது பாதி சூரியன்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். எல்லோரும் பார்த்திருக்கும் சூரிய குடும்பப் படத்தில் இடது ஓரம் மஞ்சளாகச் சூரியன், அதையடுத்து வரிசையாக எட்டு கோள்கள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. அந்தப் படத்தில் அளவும் பொய், தூரமும் பொய். நான் இரண்டையும் ஒரே அளவுகோலில் போட்டுப் பார்த்தேன். பூமி கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று ஒரு மில்லிமீட்டருக்கு 1000 கிலோமீட்டர் வைத்தேன். அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. பூமி 12.7 மில்லிமீட்டர், ஒரு சுண்டைக்காய் அளவு. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அதே கணக்கில் சூரியன் 150 மீட்டர் தள்ளி வருகிறது, நெப்டியூன் நாலரை கிலோமீட்டர் தள்ளி. சரி, நெப்டியூன் பேனருக்குள் வரட்டும் என்று சுருக்கினால், பூமி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல் போகிறது. அதை எந்த மெஷினாலும் அச்சடிக்க முடியாது.

ஆசிரியரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உங்க பேனர் தப்பில்லீங்க. ஆகாசம் அப்படித்தான் இருக்குது. ஒண்ணுமே இல்லாத இடந்தான் அதுல முக்காவாசிக்கும் மேல. அதை எப்படி வரையறதுன்னு பாருங்க" என்றார்.

அதனால் ஒரே பேனரில் இரண்டு பட்டை என்று முடிவு செய்தேன். மேலே இரண்டடி உயரத்தில் அளவுகள், ஒரு மில்லிமீட்டருக்கு 1000 கிலோமீட்டர். கீழே ஓரடி உயரத்தில் தூரங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்தால் நெப்டியூன் 301 சென்டிமீட்டரில் வருகிறது, பத்தடிக்கு உள்ளே. ஓரம் மடிக்கவும் ஐலெட் அடிக்கவும் இரு பக்கமும் அரையடி சேர்த்து, மொத்த நீளம் 11 அடி. எக்செல்லில் இரண்டு பட்டைக்கும் இவ்வளவுதான் கணக்கு, விடை மில்லிமீட்டரில் வந்துவிடும்:

```
=B2/1000
=C2/1.496
```

முதல் வரியில் B2 விட்டம், கிலோமீட்டரில். இரண்டாவதில் C2 தூரம், மில்லியன் கிலோமீட்டரில். வியாழனுக்கு 778.5 போட்டால் 520 வரும், அதாவது 52 சென்டிமீட்டர்.

கீழ்ப் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர், மேல் பட்டையில் அது 1000 கிலோமீட்டர். இடையில் 1500 மடங்கு வித்தியாசம். இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அதன் மேல் கண்ணில் படுகிற எழுத்தில், "கோட்டுக்கு மேலே உள்ள அளவுகள் கீழே உள்ள தூரங்களைவிட 1500 மடங்கு பெரிதாக வரையப்பட்டுள்ளன" என்று எழுதினேன். இந்த ஒரு வரிக்காகத் தலைப்பைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அளவுகோலை மாற்றியதைச் சொல்லாமல் இருந்தால், பார்ப்பவர் மேலே உள்ள வியாழனைக் கீழே உள்ள தூரத்தில் வைத்துக் கற்பனை செய்துகொள்வார். பள்ளிப் புத்தகப் படம் நமக்குள் செய்து வைத்திருப்பது அதைத்தான்.

மேல் பட்டையில் வியாழன் 14 சென்டிமீட்டர், நல்ல பெரிய தேங்காய். சனி அதைவிடக் கொஞ்சம் சிறியது, ஆனால் வளையத்தோடு சேர்த்து 27 சென்டிமீட்டர். யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். புதன் ஒரு மிளகு. ஒவ்வொன்றின் கீழும் அந்தக் காயையோ விதையையோ வரையலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். எழுத்தில் மட்டும் போட்டேன். கோளுக்குப் பக்கத்தில் தேங்காயையும் வரைந்தால், அளவு ஒப்பிட வேண்டிய கண் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடும்.

சூரியன் இந்தக் கணக்கில் 139 சென்டிமீட்டர், மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி. இரண்டடிப் பட்டையில் அடங்காது. அதனால் இடது ஓரத்தில் அதன் விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். இங்கே கவனம் தேவை. அழகுக்காக வளைவை நாமே இழுத்தால் அது சூரியனின் வளைவு ஆகாது. முழு வட்டத்தையும் 139 சென்டிமீட்டரில் போட்டு, பட்டைக்கு வெளியே இருப்பதை வெட்டிவிட வேண்டும். இரண்டடி உயரத்தில் அந்த விளிம்பு ஏழு சென்டிமீட்டர்தான் உள்ளே வளைகிறது, கிட்டத்தட்ட நேர்கோடு போல. சுண்டைக்காய் பூமிக்குப் பக்கத்தில் அந்த நேர்கோட்டைப் பார்க்கும்போதுதான் சூரியனின் பருமன் உறைக்கிறது.

"1300 பூமி உள்ளே போகும்" என்ற வாக்கியம் என்னை இரண்டு நாள் படுத்தியது. முதல் வரைவில் வியாழனுக்குக் கீழே "1300 பூமிகள்" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்த பக்கத்துக் கடைப் பையன், "என்னங்கண்ணா, இதுக்குள்ள நூறு போட்டாலே நிறைஞ்சு போகுமே?" என்றான். அவன் கண் சொன்னது சரி. விட்டத்தில் 11 மடங்கு, தாளில் தெரியும் பரப்பில் 11-ஐ 11-ஆல் பெருக்கி 121 மடங்கு, கன அளவில் இன்னொரு 11-ஆல் பெருக்கி 1300-ஐ ஒட்டி. பந்துக்குள் போகும் எண்ணை வட்டத்துக்குக் கீழே எழுதினால் படமும் எழுத்தும் சண்டை போடும். சிலர் இதைச் சரிசெய்கிறேன் என்று வட்டத்தின் பரப்பையே 1300 மடங்காக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 14 சென்டிமீட்டர் வியாழன் 46 சென்டிமீட்டராக ஊதிவிடும். நான் 1300-ஐ எடுத்துவிட்டு, வியாழனின் குறுக்கே 11 சின்னப் பூமிகளை வரிசையாக வைத்தேன். எண்ணிப் பார்க்கலாம், விரலால் தொட்டும் பார்க்கலாம்.

பட்டையின் வலது கோடியில் பூமியும் நிலவும். இந்த ஜோடிக்கு மட்டும் மேல் பட்டையிலேயே தூரத்தையும் உண்மையாகக் காட்ட முடிந்தது. சுண்டைக்காயும் கொத்தமல்லி விதையும், இடையில் 38 சென்டிமீட்டர். ஆசிரியர் பேச்சில், "இந்த இடைவெளியில மத்த ஏழு கோளையும் வரிசையா அடுக்கிரலாம்" என்று சொன்னபோது அரங்கமே வாய் பிளந்தது. பேனருக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. ஏழு வட்டங்களையும் ஒட்டி ஒட்டி வைத்தேன். மொத்தம் 380 மில்லிமீட்டர். பூமிக்கும் நிலவுக்கும் 384. அடங்குகிறது என்று பார்த்தால், அந்த 384 பூமியின் நடுவிலிருந்து நிலவின் நடு வரைக்கும். விளிம்பிலிருந்து விளிம்புக்கு 376தான். நாலு மில்லிமீட்டர் இடிக்கிறது.

போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நிலா எப்பவும் ஒரே தூரத்துல இருக்கறதில்லீங்க தம்பி. தள்ளிப் போற நாள்ல நாலு லட்சத்துச் சொச்சம் போகும். அன்னிக்கு அடங்கும். அப்படியே எழுதீருங்க" என்றார். நாலு லட்சத்து ஐயாயிரம் கிலோமீட்டர் வரை போகும் நாட்களில் இடைவெளி 397 மில்லிமீட்டர் ஆகிறது, ஏழும் தாராளமாக உள்ளே போகின்றன. "நிலவு மிகத் தள்ளிப் போகும் நாட்களில் மற்ற ஏழு கோள்களும் இந்த இடைவெளியில் அடங்கும்" என்று எழுதினேன். நிலவையும் அந்த நாளின் தூரத்துக்கே நகர்த்திவிட்டேன்.

கீழ்ப் பட்டை வேறு உலகம். அதில் சூரியனே ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே. பிளெக்ஸ் வேலைக்கு நாங்கள் ஒரு இஞ்ச்சுக்கு 72 புள்ளி வைத்துத்தான் கொடுப்போம், ஒரு புள்ளி 0.35 மில்லிமீட்டர். சூரியனுக்கு மூன்று புள்ளிகூடத் தேறவில்லை. பூமியும் நிலவும் இருக்கும் தூரமோ கால் மில்லிமீட்டர், ஒரு புள்ளிக்குள் இரண்டும் அடக்கம். அதனால் இந்தப் பட்டையில் வட்டமே போடவில்லை. கோள் இருக்கும் இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு, மேலே பெயர். நான்கு சென்டிமீட்டரில் புதன், ஏழில் வெள்ளி, பத்தில் பூமி, பதினைந்தில் செவ்வாய். நான்கும் ஒரு சாணுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அப்புறம் 52-இல் வியாழன், 96-இல் சனி, 192-இல் யுரேனஸ், 301-இல் நெப்டியூன். பேனரின் வலது பாதி முழுவதும் கருப்பு, அதில் இரண்டே கோடு. அச்சுக்கடையில், "இவ்வளவு காலியா இருக்குதே, ஏதாச்சும் நட்சத்திரம் தூவி விடட்டுங்களா?" என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் காலியிடத்தைக் காட்டத்தான் பட்டையே.

அங்கே ஒன்று மட்டும் சேர்த்தேன். ஆசிரியர் பேச்சில் ஒளி வரும் நேரத்தைப் பலமுறை சொல்லியிருந்தார்: சூரியனிலிருந்து பூமிக்கு எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். பட்டையின் அடியில் ஒரு ஸ்கேல் போட்டேன். இந்த அளவில் ஒளி ஒரு நிமிடத்துக்கு 12 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 72 சென்டிமீட்டர். உலகத்திலேயே வேகமானது, இந்தப் பேனரில் நத்தை மாதிரி ஊர்கிறது. பிள்ளைகள் விரலை வைத்து "ஒண்ணு, ரெண்டு" என்று நிமிடம் எண்ணுவதைப் பின்னால் பார்த்தேன்.

சிலர் இந்த மாதிரித் தூரங்களுக்கு மடக்கை அளவுகோல் போடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் பத்து மடங்கு கூடும் அளவு. அதில் புதனிலிருந்து அடுத்த நட்சத்திரம் வரை ஒரே பேனரில் அடங்கிவிடும். நானும் போட்டுப் பார்த்தேன், அழகாகத்தான் வந்தது. ஆனால் சனியிலிருந்து யுரேனஸ் வரை உள்ள இடைவெளி, பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள இடைவெளியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிந்தது. உண்மையில் அது 18 மடங்குக்கும் மேல். வராண்டாவில் நின்று பார்ப்பவர் கண்ணால் அளப்பார், அச்சில் எழுதிய எண்ணைப் படிக்கமாட்டார். அதனால் விட்டுவிட்டேன். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரிக்கு வலது ஓரத்தில் ஓர் அம்புக்குறி மட்டும் போட்டு, "இதே அளவில் இங்கிருந்து 27 கிலோமீட்டர்" என்று எழுதினேன். எங்கள் ஊருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், கோபியில் பேனரைக் கட்டிவிட்டு சத்தியமங்கலத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

இன்னொரு வரியும் கீழே போட வேண்டி வந்தது: கோள்கள் இப்படி ஒரே திசையில் வரிசைகட்டி நிற்பதில்லை, இவை சூரியனிலிருந்து சராசரி தூரங்கள் மட்டுமே. பட்டையில் பூமிக்கும் செவ்வாய்க்கும் ஐந்து சென்டிமீட்டர்தான் தெரிகிறது. செவ்வாய் சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் காலத்தில் அது 25 சென்டிமீட்டரைத் தொடும்.

இனி அச்சு. பெரிய பேனரை நாங்கள் அடிக்கு ஒரு இஞ்ச்சு என்று சின்னதாகப் போட்டுத்தான் டிசைன் செய்வோம், கடையில் 12 மடங்கு பெரிதாக்கிக்கொள்வார்கள். வழக்கமான வேலைக்கு இதில் ஒரு கெடுதலும் இல்லை. இங்கே வந்தது. வட்டங்களுக்கு 0.2 மில்லிமீட்டரில் வெள்ளை அவுட்லைன் கொடுத்திருந்தேன். 12 மடங்கில் அது 2.4 மில்லிமீட்டர் ஆகி, பாதி வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. 4.9 மில்லிமீட்டர் புதன் 7.3 ஆகிவிட்டது, பூமி 15.1. பூமியில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டிய புதன் பாதியளவுக்கு வந்து நின்றது. பெரிய கோள்களில் இது தெரியவே தெரியாது, சின்னவற்றைத்தான் கெடுக்கும். எல்லா அவுட்லைனையும் எடுத்துவிட்டு வெறும் நிறம் மட்டும் வைத்தேன்.

முதல் அச்சு வந்தபோது வியாழன் முட்டை மாதிரி இருந்தது. பிரேம் 12 அடி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 11 அடி டிசைனைக் கடையில் 12-க்கு இழுத்து அச்சடித்துவிட்டார்கள். கல்யாண பேனரில் மாப்பிள்ளை முகம் கொஞ்சம் அகலமாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே நெப்டியூன் சூரியனிலிருந்து 27 சென்டிமீட்டர் கூடுதலாக நகர்ந்துவிட்டது. நல்ல வேளையாக ஒரு மூலையில் படுக்கையாகவும் நெட்டையாகவும் பத்துப் பத்து சென்டிமீட்டரில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். டேப்பை வைத்துக் காட்டினேன். நெட்டைக் கோடு சரியாகப் பத்து, படுக்கைக் கோடு 10.9. கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி அடித்துக் கொடுத்தார். அளவுகோல் உள்ள எந்தப் படத்திலும் இந்த இரண்டு கோடும் இருக்க வேண்டும், இரண்டு திசையிலும்.

பேனரை மாட்டிய அன்று ஆசிரியரும் வந்திருந்தார். மீந்த பிளெக்ஸில் 139 சென்டிமீட்டர் விட்டத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று வெட்டி வைத்திருந்தேன். பௌர்ணமிச் சாயங்காலம். இன்னும் வெளிச்சம் இருந்தது. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் கிழக்குப் பக்கமாக ஒரு தென்னையில் அதைக் கட்டிவிட்டு, கயிறு பிடித்து 150 மீட்டர் அளந்து வந்து நின்றோம். மேல் பட்டையின் கணக்குப்படி அதுதான் பூமி இருக்கும் இடம். என் சட்டைப்பையில் ஒரு சுண்டைக்காய் இருந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் நிலவு கிளம்பி மேலே வந்தது. தென்னையில் மஞ்சள் வட்டம், அதற்குச் சற்றுத் தள்ளி வானத்தில் நிலவு, இரண்டும் பார்வைக்கு ஒரே அளவு. நிஜச் சூரியனும் நிஜ நிலவும் நமக்கு எப்படி ஒரே அளவாகத் தெரிகின்றனவோ, அப்படியே. ஒரு சிறுமி பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி முதலில் நிலவை மறைத்தாள், அப்புறம் மஞ்சள் வட்டத்தை மறைத்தாள். "ரெண்டும் மறையுதுங்க சார்" என்றாள்.

ஆசிரியர் அவளிடம் பென்சிலை வாங்கி, தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, அந்த நெப்டியூனுக்கு நாலரை கிலோமீட்டர்னு சொன்னீங்களே, வாய்க்கால் கரையிலேயே போனா எங்க வருமுங்க?" என்று கேட்டார். நாங்கள் நடக்க ஆரம்பித்தோம்.